நான்கு மூலைகளின் கணக்கு

ஒரே ஓர் அறை. உள்ளளவு 5 மீட்டருக்கு 4 மீட்டர். நான்கு பக்கமும் 30 செ.மீ. கனத்தில் செங்கல் சுவர், உயரம் 3 மீட்டர். ஒரு கதவு, இரண்டு ஜன்னல். ‘நீளச்சுவர் – குட்டைச்சுவர் முறையில் மண்தோண்டல், கான்கிரீட், செங்கல் கட்டு ஆகியவற்றின் அளவுகளைக் கணக்கிடுக.’ பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் மாணவருக்கும், ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் தொழில் பழகுபவருக்கும் எஸ்டிமேட் பாடத்தில் முதலில் கைக்கு வரும் கேள்வி இந்த வகைதான். வீடு கட்டுகிற எவரும் பின்னால் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ளும் கணக்கும் இதுதான்.

கேள்வியோடு சுவரின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று இருக்கும். நம் உதாரணத்தில் அதைக் கீழிருந்து மேலாகப் படிக்கலாம். கடைக்காலுக்கு 90 செ.மீ. அகலம், 90 செ.மீ. ஆழத்தில் மண் தோண்டப்படுகிறது. அதன் அடியில் அதே 90 செ.மீ. அகலத்துக்கு 30 செ.மீ. கனத்தில் கான்கிரீட். அதன்மேல் 60 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் முதல் செங்கல் படி. அதற்கு மேல் 50 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் இரண்டாம் படி. இத்தோடு தரைமட்டம் வந்துவிடும். தரைக்கு மேலே 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரத்தில் பேஸ்மென்ட். அதன்மேல்தான் நாம் பார்க்கிற 30 செ.மீ. சுவர். மேலே போகப் போகச் சுவர் மெலிகிறது. இந்த மெலிவுதான் கணக்கைச் சிக்கலாக்குகிறது.

சுவரின் கன அளவு என்பது நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி வருவது. அகலமும் உயரமும் படத்திலேயே இருக்கின்றன. நீளம் மட்டும் இல்லை. அறையின் உள்ளளவைத்தான் கேள்வி தருகிறது. சுவரின் நீளத்தை மாணவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் இடறுகிற இடம் மூலை. நான்கு தீப்பெட்டிகளைச் சதுரமாக அடுக்கிப் பார்த்தால் இது விளங்கும். எதிரெதிராக இரண்டு பெட்டிகள் மூலை முதல் மூலை வரை முழுதாகப் போகும். மற்ற இரண்டும் அவற்றுக்கு இடையே அடங்கி உட்காரும். முழுதாகப் போகிற இரண்டும் நீளச்சுவர்கள். இடையே அடங்குபவை குட்டைச்சுவர்கள். ஒவ்வொரு மூலையும் நீளச்சுவரின் கணக்கில் ஒரே ஒரு முறை வரும், குட்டைச்சுவரின் கணக்கில் வராது. முறை முழுவதும் இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது.

விடையின் முதல் வரியில் மையத்திலிருந்து மையம் வரையான நீளத்தை எழுத வேண்டும். ஒரு சுவரின் நடுக்கோட்டிலிருந்து எதிர்ச்சுவரின் நடுக்கோடு வரை உள்ள தூரம் அது. உள்ளளவு 5.00 மீட்டருடன் இரு பக்கமும் அரைச் சுவர், அதாவது 0.15 மீட்டர் வீதம் கூட்டினால் 5.30. மற்றத் திசையில் 4.00 உடன் 0.30 சேர்த்து 4.30. இந்த இரண்டு எண்களும் விடைத்தாளில் தெளிவாக, தனியாக இருக்க வேண்டும். சுவர் அடியில் 90 செ.மீ. அகலமாக இருந்தாலும் மேலே 30 செ.மீ. ஆக மெலிந்தாலும் நடுக்கோடு இம்மியும் நகராது. எல்லாப் படிகளும் ஒரே நடுக்கோட்டின் இருபுறமும் சரிசமமாகப் பரவியிருக்கின்றன. கொத்தனார் களத்தில் நூல் பிடிப்பதும் இந்தக் கோட்டை வைத்துத்தான்.

இனி ஒவ்வொரு படிக்கும் இரண்டே வாய்ப்பாடுகள்.

```
நீளச்சுவரின் நீளம்   = மைய நீளம் + அந்தப் படியின் அகலம்
குட்டைச்சுவரின் நீளம் = மைய நீளம் − அந்தப் படியின் அகலம்
```

மண்தோண்டலில் அகலம் 0.90. ஆகவே நீளச்சுவர் 5.30 + 0.90 = 6.20 மீட்டர், குட்டைச்சுவர் 4.30 − 0.90 = 3.40 மீட்டர். நீளச்சுவர் நடுக்கோட்டைத் தாண்டி இரு முனையிலும் 45 செ.மீ. வெளியே போகிறது. குட்டைச்சுவரோ இரு முனையிலும் 45 செ.மீ. முன்னதாகவே நின்றுவிடுகிறது. இரண்டு நீளச்சுவர்களுக்கு 2 × 6.20 × 0.90 × 0.90 = 10.044 கன மீட்டர். இரண்டு குட்டைச்சுவர்களுக்கு 2 × 3.40 × 0.90 × 0.90 = 5.508. கூட்டினால் 15.552 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும்.

கான்கிரீட்டுக்கும் அகலம் அதே 0.90 என்பதால் நீளங்கள் மாறுவதில்லை. ஆழம் மட்டும் 0.30. முதல் செங்கல் படிக்கு வந்ததும் அகலம் 30 செ.மீ. குறைகிறது. உடனே நீளச்சுவர் அதே 30 செ.மீ. குறைந்து 5.90 ஆகிறது, குட்டைச்சுவர் அதே 30 செ.மீ. கூடி 3.70 ஆகிறது. அடுத்த படிகளில் அகலம் பத்துப் பத்து செ.மீ. ஆகக் குறைய, நீளச்சுவர் பத்துப் பத்தாகச் சுருங்கும், குட்டைச்சுவர் பத்துப் பத்தாக வளரும். பழகிய கையினர் ஒவ்வொரு வரிக்கும் வாய்ப்பாட்டை எழுதிக்கொண்டிருப்பதில்லை. மேல்வரியைப் பார்த்து இப்படியே இறங்கிவிடுவார்கள். தேர்வில் மட்டும் ஒவ்வொரு நீளமும் எப்படி வந்தது என்பதை விளக்கப் பத்தியில் காட்டிவிடுவது நல்லது. திருத்துபவர் தேடுவது அதைத்தான்.

அளவுத்தாளில் வேலையின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம் அல்லது ஆழம், அளவு என்று பத்திகள் இருக்கும். பொதுப்பணித் துறையின் எம்-புக்கிலும் அளவுகள் இந்த அமைப்பில்தான் பதிவாகின்றன. நம் அறையின் விடையைச் சுருக்கி எழுதினால் இப்படி வரும். நீளங்கள் மீட்டரிலும் கடைசிப் பத்தி கன மீட்டரிலும் உள்ளன. ஒவ்வொரு வகைச் சுவரும் இரண்டிரண்டு.

| வேலை | நீளச்சுவர் | குட்டைச்சுவர் | அகலம் | உயரம் / ஆழம் | மொத்த அளவு |
|---|---|---|---|---|---|
| மண்தோண்டல் | 6.20 | 3.40 | 0.90 | 0.90 | 15.552 |
| கான்கிரீட் | 6.20 | 3.40 | 0.90 | 0.30 | 5.184 |
| முதல் படி | 5.90 | 3.70 | 0.60 | 0.30 | 3.456 |
| இரண்டாம் படி | 5.80 | 3.80 | 0.50 | 0.30 | 2.880 |
| பேஸ்மென்ட் | 5.70 | 3.90 | 0.40 | 0.60 | 4.608 |
| மேல்சுவர் | 5.60 | 4.00 | 0.30 | 3.00 | 17.280 |

கடைசி வரியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மேல்சுவரின் குட்டைச்சுவர் நீளம் 4.00 மீட்டர். கேள்வியில் கொடுத்த உள்ளளவும் 4.00 தான். நீளச்சுவர் 5.60; அது உள்ளளவு 5.00 உடன் இரண்டு சுவர் கனம் சேர்ந்த வெளியளவு. கணக்கு கீழே கடைக்காலில் தொடங்கி, படிப்படியாக மேலேறி, கேள்வி தந்த எண்ணுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இங்கே 4.00 வராவிட்டால் நடுவில் எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு சோதனையும் அட்டவணைக்குள்ளேயே இருக்கிறது. எந்த வரியை எடுத்தாலும் நீளச்சுவரையும் குட்டைச்சுவரையும் கூட்டினால் 9.60 வரும். ஒன்றில் கூட்டிய அகலத்தை மற்றொன்றில் கழிப்பதால் கூட்டுத்தொகை மைய நீளங்களின் கூட்டாகவே (5.30 + 4.30) நிற்கிறது. தேர்வுக் கூடத்தில் பெருக்கலைத் தொடங்கும் முன் ஆறு வரிகளையும் இப்படிக் கூட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

அந்த அரை நிமிடம் பிடித்துக் கொடுக்கும் பிழை ஒன்று அடிக்கடி நடக்கிறது. மைய நீளம் காணும்போது மேல்சுவரின் கனமான 0.30-ஐக் கூட்டாமல், அந்தந்தப் படியின் அகலத்தைக் கூட்டிவிடுவார்கள். மண்தோண்டலில் 5.00 + 0.90 = 5.90 என்று மைய நீளத்தை எழுதி, அதோடு மறுபடி 0.90 கூட்டினால் நீளச்சுவர் 6.80 ஆகும். குட்டைச்சுவர் 4.90 − 0.90 = 4.00. கூட்டினால் 10.80. பெருக்கிப் பார்த்தால் 17.496 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 2 கன மீட்டர் மண் கூடுதலாகத் தோண்டியாகிறது. உள்ளளவு மேல்சுவரின் முகத்திலிருந்து எடுக்கப்பட்டது. கடைக்காலின் முகத்திலிருந்து அல்ல. ஆகவே நடுக்கோட்டுக்குப் போக மேல்சுவரின் பாதியைத்தான் கூட்ட வேண்டும்.

மூலையையே மறந்துவிடுவது அடுத்த பிழை. அது இரண்டு விதமாக நேரும். நான்கு சுவருக்கும் வெளியளவையே எடுத்தால் மேல்சுவரின் மொத்த நீளம் 2 × (5.60 + 4.60) = 20.40 மீட்டர். நான்குக்கும் உள்ளளவையே எடுத்தால் 2 × (5.00 + 4.00) = 18.00 மீட்டர். சரியான நீளம் 19.20. ஒன்று 1.20 கூடுதல், மற்றொன்று 1.20 குறைவு. இந்த 1.20 எங்கிருந்து வந்தது? மூலைக்கு 0.30 வீதம் நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையும் 30 செ.மீ. சதுரத்தில் 3 மீட்டர் உயரமுள்ள ஒரு செங்கல் தூண். அதன் அளவு 0.27 கன மீட்டர். நான்கு தூண்கள் சேர்ந்தால் 1.08 கன மீட்டர். வெளியளவு எடுத்தவர் இந்தத் தூண்களை இருமுறை கட்டுகிறார். உள்ளளவு எடுத்தவர் கட்டாமலே விட்டுவிடுகிறார். கலவைப் பூச்சையும் சேர்த்து 20 × 10 × 10 செ.மீ. அளவு பிடிக்கும் செங்கலில் கன மீட்டருக்கு 500 கல் என்று வைத்தால், பிழை 540 கல். சுவரை வெளியளவிலேயே சுற்றிவந்து அளந்து கூலி கேட்கும் இடங்களில், வீட்டுக்காரர் கவனிக்க வேண்டிய இடமும் இதுதான்.

அட்டவணையில் உள்ள 17.280 முழுச் சுவர். அதில் திறப்புகளைக் கழிக்க வேண்டும். கதவு 1.00 × 2.10 மீட்டர், சுவர்க் கனம் 0.30-ஆல் பெருக்கினால் 0.630 கன மீட்டர். ஜன்னல்கள் இரண்டும் 1.20 × 1.20, இரண்டுக்கும் 0.864. இங்கே நிறுத்திவிடுபவர்கள் உண்டு. ஒவ்வொரு திறப்பின் மேலும் 15 செ.மீ. கனத்தில் கான்கிரீட் லிண்டல் இருக்கிறது. அந்த இடத்திலும் செங்கல் இல்லை. லிண்டல் திறப்பின் அகலத்தோடு நிற்காது. இரு பக்கமும் 15 செ.மீ. சுவருக்குள் போய் உட்கார்ந்தால்தான் பளுவைத் தாங்கும். ஆகவே கதவு லிண்டலின் நீளம் 1.30, ஜன்னல் லிண்டலின் நீளம் 1.50. அளவுகள் 1.30 × 0.30 × 0.15 = 0.0585, 2 × 1.50 × 0.30 × 0.15 = 0.135. எல்லாக் கழிவும் சேர்ந்து 1.6875. மிச்சம் மேல்சுவர் 15.5925 கன மீட்டர், இதை 15.59 என்று எழுதலாம். அளவெடுப்புக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200, 0.1 சதுர மீட்டர் வரையான சிறு திறப்புகளுக்குக் கழிவு வேண்டாம் என்கிறது. சின்னத் துளையைச் சுற்றிக் கல்லை உடைத்துக் கட்டும் வேலைக்கு அது ஈடாகிவிடும். நம் கதவும் ஜன்னலும் அந்த வரம்பைவிடப் பல மடங்கு பெரியவை.

கதவுக் கழிவைப் பேஸ்மென்ட்டில் எழுதக் கூடாது. கதவுக்குக் கீழேயும் பேஸ்மென்ட் அறுபடாமல் ஓடுகிறது. நிலை அதன்மேல்தான் நிற்கிறது. மேல்சுவரைத் தனி வேலையாகவும், பேஸ்மென்ட் வரையான செங்கல் கட்டைத் தனி வேலையாகவும் எழுதுவதற்கு வேறு காரணமும் உண்டு. இரண்டுக்கும் கலவை விகிதமும் விலையும் மாறக்கூடும். முதல் படி, இரண்டாம் படி, பேஸ்மென்ட் மூன்றையும் கூட்டி 10.944 கன மீட்டர் என்று ஒரே தலைப்பில் முடிக்க வேண்டும்.

இதுவரை படித்த கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம்: ‘எல்லா வரியிலும் கூட்டுத்தொகை 9.60 தானே? அப்படியானால் மேல்சுவரின் 5.60, 4.00 இரண்டையுமே எல்லாப் படிக்கும் போட்டால் என்ன?’ நியாயமான கேள்வி. போட்டுப் பார்த்தால் மொத்த அளவு ஒரு துளியும் மாறாது. மண்தோண்டல் 2 × 9.60 × 0.81, அதே 15.552. மையக்கோட்டு முறை என்ற இன்னொரு வழி பிழைப்பதே இதனால்தான். 19.20 மீட்டரை ஒரே நீளமாக வைத்து ஒவ்வொரு படியின் அகலத்தாலும் உயரத்தாலும் பெருக்கிவிடுவது அந்த முறை. எஸ்டிமேட் படிப்பவர்கள் அதிகம் புரட்டுகிற பி.என்.தத்தாவின் புத்தகமும் இந்த இரண்டு முறைகளையும் அடுத்தடுத்தே சொல்லிக்கொடுக்கிறது. ஒற்றை அறையில் அவை ஒரே விடையைத் தருகின்றன.

அதே இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. நீளங்களைத் தவறாகப் போட்டவருக்கும் ஒற்றை அறையில் மொத்தம் சரியாக வந்துவிடுகிறது. தன் தவறு தெரியாமலே அவர் அடுத்த கணக்குக்குப் போகிறார். அங்கே ஒரு தடுப்புச்சுவர் காத்திருக்கும்.

இதே கட்டடத்தின் நடுவில், குட்டைச்சுவருக்கு இணையாக, அதே அளவுள்ள கடைக்காலோடு இன்னொரு சுவர் வருகிறது என்று கொள்வோம். அதுவும் இரண்டு நீளச்சுவர்களுக்கு இடையே அடங்குகிற சுவர். எனவே குட்டைச்சுவர் மூன்றாகும், நீளச்சுவர் இரண்டாகவே இருக்கும். மண்தோண்டலின் நீளம் 2 × 6.20 + 3 × 3.40 = 22.60 மீட்டர். மேல்சுவரின் நீளங்களையே எல்லா வரிக்கும் போட்டவருக்கு 2 × 5.60 + 3 × 4.00 = 23.20 வரும். 60 செ.மீ. கூடிவிட்டது, 0.486 கன மீட்டர் மண். தடுப்புச்சுவரின் கடைக்கால் நீளச்சுவர்களின் கடைக்காலில் முட்டும் இரு முனைகளிலும் ஏற்கெனவே தோண்டிய மண்ணை அவர் மறுபடி 30 செ.மீ. வீதம் தோண்டுகிறார். ஒன்று கூட, மற்றொன்று குறைய, இரண்டும் சமமாகிவிடும் என்ற சலுகை இரண்டுக்கு இரண்டு சுவர் இருக்கும் வரைக்கும்தான். மையக்கோட்டு முறையிலும் இதற்குத் திருத்தம் உண்டு. மொத்த மைய நீளம் 19.20 + 4.30 = 23.50, முட்டுகிற ஒவ்வோர் இடத்துக்கும் அரை அகலம் கழித்தால் 23.50 − 0.90 = 22.60. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன.

வாய்ப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘அந்தப் படியின் அகலம்’ என்று மேலே எழுதியது, எல்லாச் சுவருக்கும் ஒரே அகலம் இருக்கும்போது போதும். இரண்டு திசைகளிலும் அகலம் வேறானால் எந்தச் சுவரின் அகலம் என்று கேட்டாக வேண்டும். நீளச்சுவர் போய் முடிவது குட்டைச்சுவரின் வெளிமுகத்தில். ஆகவே அதோடு கூட்ட வேண்டியது குட்டைச்சுவரின் அகலம். குட்டைச்சுவர் தொடங்குவது நீளச்சுவரின் உள்முகத்தில். ஆகவே அதிலிருந்து கழிக்க வேண்டியது நீளச்சுவரின் அகலம். நம் தடுப்பில்லாத அறையில் நீளச்சுவரின் கடைக்கால் 90 செ.மீ., குட்டைச்சுவரின் கடைக்கால் 80 செ.மீ. என்று மாற்றினால், நீளச்சுவர் 5.30 + 0.80 = 6.10; குட்டைச்சுவர் 4.30 − 0.90 = 3.40. மண்தோண்டல் 2 × 6.10 × 0.90 × 0.90 = 9.882, 2 × 3.40 × 0.80 × 0.90 = 4.896, மொத்தம் 14.778 கன மீட்டர். அவரவர் அகலத்தையே கூட்டிக் கழித்தவருக்கு 6.20, 3.50 என்று நீளங்கள் வந்து, 15.084 என்று விடை நிற்கும். இந்தக் கணக்கில் 9.60 சோதனையும் கைகொடுக்காது: சரியான நீளங்களின் கூட்டு 9.50, தவறான நீளங்களின் கூட்டு 9.70. மூலையைப் பெரிதாக ஒரு படம் போட்டு, எந்தச் சுவர் எதன் முகத்தில் முட்டுகிறது என்று பார்த்து எழுதுவதைத் தவிர இங்கே வேறு குறுக்கு வழி கிடையாது.